ராகிக்கும் தண்ணீர் வேண்டும், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். தில்லியில் நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன வாரம் போனில், "ராகிக்கு நெல்லில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் போதுமாம், எல்லோரும் ராகிக்கே மாறிவிடலாமே அப்பா" என்றாய். அன்று சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்ததால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. நீ சொன்னது உண்மைதான், ஆனால் பாதி உண்மை.

கணக்குப் போட்டுப் பார். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 4,000 லிட்டர். சேறடித்து, நிலத்தில் தண்ணீர் கட்டி வளர்க்கும் நெல்லுக்கு ஒரு போகத்துக்கு 1,200 மில்லிமீட்டர் என்று வை, 48 லட்சம் லிட்டர் ஆகிறது. ராகிக்கு 400 மில்லிமீட்டர், 16 லட்சம் லிட்டர். நீ சொன்ன மூன்றில் ஒரு பங்கு இதுதான். ஆனால் விளைச்சலையும் பார்க்க வேண்டுமே. நன்றாக விளைந்தால் ஏக்கருக்கு நெல் 2,400 கிலோ வரும். நம் மானாவாரி மேட்டில் ராகி 800 கிலோ வந்தாலே நான் சந்தோஷப்படுவேன். வகுத்துப் பார், இரண்டுக்கும் கிலோவுக்கு 2,000 லிட்டர்தான்! நெல்லை அரைத்தால் மூன்றில் ஒரு பங்கு உமியும் தவிடுமாகப் போய்விடும். ராகி முழுசாக மாவாகிறது. அந்த அளவுக்கு ராகி முன்னால் நிற்கிறது, அவ்வளவே.

அப்படியானால் ராகி எதற்கு என்று கேட்பாய். அது எங்கிருந்து வரும் தண்ணீர் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நம் ராகி குடித்த 16 லட்சமும் ஆடியிலிருந்து ஐப்பசி வரை மேலிருந்து விழுந்தது. நெல் போட்டிருந்தால் அதில் பெரும்பகுதியை 800 அடி போர்வெல்லிலிருந்து இழுத்திருப்பேன். வயலில் கட்டுகிற தண்ணீரில் ஒரு பங்கு திரும்ப மண்ணுக்குள் இறங்கும் என்பது சரிதான். ஆனால் நம் பாறை நிலத்தில் அது அவ்வளவு ஆழத்துக்குப் போய்ச் சேர எத்தனை மழைக்காலம் ஆகுமோ.

இந்த வருஷம் ஆவணியில் 20 நாள் சொட்டு மழை இல்லை. மத்தியானம் போய்ப் பார்த்தால் ராகி இலை சுருண்டு வெளுத்துக் கிடக்கும். உன் அம்மா பதறினாள். நான் விடியற்காலையில் அவளைக் கூட்டிப்போய்க் காட்டினேன், இலை விரிந்து நின்றது. காலையில் விரிந்தால் பயிர் காத்திருக்கிறது என்று அர்த்தம். காலையிலும் சுருண்டே கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். மழை வந்ததும் ஒரு வாரத்தில் புதுத் தூர் கட்டியது. நெல்லுக்கு இந்தப் பொறுமை கிடையாது. ராகிக்கும் கதிர் வரும் நேரத்தில் இப்படிக் காய்ந்தால் பதராகிவிடும். விடாத தூறலும் மூட்டமுமாக இருந்தாலோ குலைநோய் வந்து கதிர்க்கழுத்து கறுத்துப்போகும். எதையும் தாங்கும் பயிர் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

நீ சாப்பிடும் கோதுமைக்கு வேறு கஷ்டம். அதற்கு நெல் அளவு தண்ணீர் வேண்டாம், ஆனால் மணி பால் பிடிக்கும்போது குளிர்ச்சி வேண்டும். 2022 மார்ச்சில் அங்கே அடித்த வெயிலில் மணி சூம்பிப்போய், மே மாதம் ஏற்றுமதியையே அரசு நிறுத்தியது. ராகி, கம்பு, சோளமெல்லாம் வெயிலிலும் இலைத்துளையைக் குறைவாகத் திறந்து, கொஞ்சத் தண்ணீரில் உணவு தயாரிக்கிற இனம். நெல்லுக்கும் கோதுமைக்கும் அந்த அமைப்பு இல்லை.

சத்தைப் பற்றியும் கேட்டாய். ராகியில் 100 கிராமுக்குச் சுண்ணாம்புச் சத்து சுமார் 350 மில்லிகிராம். கோதுமையில் 40, அரிசியில் 10கூட வராது. ஆனால் புரதம் அரிசி அளவுதான், கோதுமைக்கும் குறைவு. நம் பாட்டிமார் ராகிச் சாலுக்கு நடுவே அவரை விதைத்தது சும்மா இல்லை. குழந்தைக்குக் கொடுப்பதானால் ராகியை ஓர் இரவு ஊறவைத்து, துணியில் கட்டி முளை விட்டதும் நிழலில் உலர்த்தி அரை. சத்து உடம்பில் ஒட்டுவதைத் தடுக்கும் பொருள் அதில் குறையும். மாப்பிள்ளைக்குச் சர்க்கரை இருப்பதால் நன்றாகக் காய்ச்சிய கூழாகக் கொடுக்காதே, சட்டென்று ஏற்றிவிடும்.

சாமை வாங்கினாயே, வெள்ளை வெளேரென்று மின்னுகிறதா? அப்படியானால் தவிட்டைத் தீட்டி எடுத்துவிட்டார்கள், அரிசிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. மங்கலாக, லேசான பழுப்பில் இருப்பதாகப் பார்த்து வாங்கு. அது சீக்கிரம் வண்டு பிடிக்கும், கொஞ்சம் கொஞ்சமாக வாங்கு. ராகிக்கு இந்தத் தொல்லை இல்லை, அந்தப் பொடிமணியைத் தீட்ட முடியாது.

மாமா அடுத்த வாரம் ரயில் ஏறுகிறார். 10 கிலோ ராகி, 2 கிலோ அவரைப் பருப்பு கட்டிக் கொடுத்திருக்கிறேன். கல் பொறுக்கியாயிற்று, ஒரு தரம் அலசினால் போதும்.

அன்புடன்,
அப்பா