‘அங்கிள்’ என்று எழுதாதீர்கள்: நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மொழிபெயர்ப்பாளர்களுக்கு,

வணக்கம். நம் கீழமை நீதிமன்றங்களில் தமிழில் பதிவாகும் சாட்சியங்களும், தமிழில் எழுதிய கிரயப் பத்திரங்களும் உயில்களும், வழக்கு டெல்லிவரை போகும்போது உங்கள் கையால்தான் ஆங்கிலமாகின்றன. தமிழ் தெரியாத நீதிபதிக்கு உங்கள் பக்கம்தான் சாட்சியம். சொத்து வழக்குகளின் மேல்முறையீட்டுத் தொகுப்புகளைப் படிப்பது என் தொழில். அந்தப் பக்கங்களில் உறவுமுறைச் சொற்கள் படும் பாட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சாட்சி ‘சித்தப்பா’ என்கிறார். ஆங்கிலத்தில் ‘அங்கிள்’ என்று வருகிறது. ‘மாமா’ என்கிறார், அதற்கும் ‘அங்கிள்’தான். பேச்சில் இது பெரிய குற்றமில்லை. வாரிசுரிமை வழக்கில் இதுதான் சொத்து யாருக்கு என்பதையே மறைத்துவிடுகிறது.

1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் அட்டவணையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உயில் எழுதாமல் ஓர் ஆண் இறந்து, மனைவி, மக்கள், தாய் முதலான முதல் வகுப்பு வாரிசுகள் யாரும் இல்லையென்றால் இரண்டாம் வகுப்புக்குப் போகவேண்டும். அதில் ஒன்பது பதிவுகள் வரிசையாக உள்ளன. மேலே உள்ள பதிவில் ஒருவர் உயிரோடு இருந்தாலும் கீழே உள்ளவர்களுக்கு எதுவும் கிடையாது. தந்தையின் சகோதரர் ஏழாவது பதிவில் வருகிறார். தாயின் சகோதரர் ஒன்பதாவது பதிவில். சட்டத்தின் ஆங்கில மூலத்தில் அந்த இடத்தில் ‘அங்கிள்’ என்ற சொல்லே இல்லை. ‘ஃபாதர்ஸ் பிரதர்’, ‘மதர்ஸ் பிரதர்’ என்றுதான் இருக்கிறது. நமக்கு வேண்டிய ஆங்கிலத்தைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது.

ஒரு வழக்கை வைத்துப் பார்ப்போம். கணேசன் என்பவர் திருமணம் ஆகாமல், உயில் எழுதாமல் இறந்துபோனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர், உடன்பிறந்தார், அவர்களுடைய மக்கள், தாத்தா பாட்டி யாரும் இல்லை. இரண்டு பேர் சொத்துக்கு வருகிறார்கள். ஒருவரைக் கணேசன் ‘சித்தப்பா’ என்று கூப்பிட்டார், மற்றவரை ‘மாமா’ என்று. சித்தப்பா, அப்பாவின் தம்பி என்றால் முழுச் சொத்தும் அவருக்கு. தாய்மாமனுக்கு ஒன்றும் இல்லை. இந்தச் சாட்சியத்தை இரண்டு ‘அங்கிள்’களாக மொழிபெயர்த்தால், படிப்பவர் இருவரும் சரிபாதி கேட்கிறார்கள் போலும் என்றுதான் நினைப்பார்.

இதுவரை சொன்னது பலருக்கும் தெரிந்ததே. நான் அதிகம் கவலைப்படுவது அடுத்த தவறைப் பற்றி. ‘அங்கிள்’ போதாது என்று உணர்ந்த கவனமான மொழிபெயர்ப்பாளர், ‘சித்தப்பா’ என்று வந்த இடத்திலெல்லாம் ‘ஃபாதர்ஸ் யங்கர் பிரதர்’ என்று எழுதிவிடுகிறார். பார்வைக்குத் துல்லியமாகத் தெரியும். ஆனால் அம்மாவின் தங்கை கணவரும் நமக்குச் சித்தப்பாதான். மேலே சொன்ன கணேசனின் சித்தப்பா அப்படிப்பட்டவராக இருந்தால் வழக்கே தலைகீழாகிறது. அவர் வாரிசே இல்லை. அவர் மனைவி, அதாவது கணேசனின் சித்தி, தாயின் சகோதரி என்ற முறையில் ஒன்பதாவது பதிவில் தாய்மாமனுக்குப் பக்கத்திலேயே வருகிறார். சொத்தை அந்த இருவரும் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். மொழிபெயர்ப்பாளர் தாமாகச் சேர்த்த ‘அப்பாவின் தம்பி’, இல்லாத ஒரு வாரிசை உண்டாக்கி, இருக்கிற இருவரை வெளியே தள்ளிவிடும்.

‘பேட்டர்னல் அங்கிள்’, ‘மெட்டர்னல் அங்கிள்’ என்று எழுதினாலும் இதே சிக்கல்தான். அத்தையின் கணவரும் தாய்மாமனும் நமக்கு மாமாக்கள். முதலாமவர் தந்தை வழியில் வந்தவர், ஆனால் ரத்த உறவு அல்ல. ‘பேட்டர்னல் அங்கிள்’ என்ற தொடர் அவரையும் அப்பாவின் உடன்பிறந்தவரையும் ஒன்றாக்கிவிடும். போதாக்குறைக்கு மாமனாரையும் மாமா என்கிறோம்.

‘சித்தி’ இன்னும் கடினம். அம்மாவின் தங்கை சித்தி, அப்பாவின் தம்பி மனைவியும் சித்தி, அப்பாவின் இரண்டாம் மனைவியும் பல வீடுகளில் சித்தி. முதலாமவர் ஒன்பதாவது பதிவு. இரண்டாமவர் எந்தப் பதிவிலும் இல்லை. மூன்றாமவர் தந்தையின் விதவை என்றால் ஆறாவது பதிவு. அப்பாவின் தம்பிக்கும் முன்னால் நிற்கிறார். இந்த மூவரையும் ‘ஆன்ட்டி’ என்ற ஒரே சொல்லில் அடைத்த தொகுப்பை வைத்துக்கொண்டு எந்த நீதிபதிதான் என்ன செய்வார்?

அண்ணன் தம்பி என்று வரும்போதும் நிதானம் வேண்டும். பெரியப்பா மகனை நாம் அண்ணன் என்றுதான் சொல்கிறோம். சாட்சிக் கூண்டில் நின்று ‘ஒன்றுவிட்ட அண்ணன்’ என்று விளக்குகிறவர்கள் குறைவு. ‘பிரதர்’ என்று போட்டால் அவர் இரண்டாவது பதிவுக்கு ஏறிவிடுவார். உண்மையில் அப்பாவின் அண்ணன் மகன் பங்காளி மட்டுமே. இரண்டாம் வகுப்பில் ஒருவர்கூட இல்லாதபோதுதான் அவர் முறை வரும்.

சரி, சாட்சி வெறுமனே ‘சித்தப்பா’ என்றால் எந்தச் சித்தப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் வழக்குரையோடு இணைத்த வம்சாவளியைப் பாருங்கள். அடுத்ததாகப் பத்திரங்கள். நம் பத்திரங்களில் பெயருக்கு முன்னால் ‘இன்னார் குமாரர்’ என்று தந்தை பெயர் இருக்கும். கணேசனின் அப்பா ‘வேலாயுதம் குமாரர் முருகையன்’ என்றும், சித்தப்பா ‘வேலாயுதம் குமாரர் சிவலிங்கம்’ என்றும் ஒரே ஊர் முகவரியோடு இருந்தால், இருவரும் உடன்பிறந்தவர்கள் என்று கொள்ள நல்ல ஆதாரம் இருக்கிறது. சிவலிங்கத்தின் தந்தை பெயர் வேறாக இருந்தால் அவர் அம்மாவின் தங்கை கணவராகவோ, அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பியாகவோ இருக்கலாம். வெறும் தலைப்பெழுத்தை மட்டும் நம்பவேண்டாம்; வேலாயுதத்துக்கும் வேணுகோபாலுக்கும் ‘வே’ ஒன்றுதான். கடைசியாகக் குறுக்கு விசாரணை. ‘உங்கள் அம்மாவுடன் பிறந்தவர் எத்தனை பேர்?’ என்ற ஒரு கேள்வியில் பலமுறை விடை கிடைத்துவிடும்.

ஆதாரம் கிடைத்தால் வழியை முழுமையாக எழுதுங்கள். ‘மதர்ஸ் யங்கர் சிஸ்டர்ஸ் ஹஸ்பண்ட்’ என்பது நீளம்தான், ஆங்கிலக் காதுக்கு இடறும்தான். இருக்கட்டும். மூத்தவர், இளையவர் என்பதையும் விடாதீர்கள். சட்டம் அப்பாவின் அண்ணனையும் தம்பியையும் ஒரே பதிவில் வைத்திருந்தாலும், ‘பெரியப்பா கையெழுத்துப் போட்டார், சித்தப்பா போடவில்லை’ என்ற சாட்சியத்தில் ஆளை அடையாளம் காட்டுவது அந்த வேறுபாடுதான். அம்மா வழிப் பெரியப்பா என்றால் மூத்தவர் என்பது அவர் மனைவியைக் குறித்தது. வயதில் அவர் உங்கள் அப்பாவைவிட இளையவராகவும் இருக்கலாம்.

ஆதாரம் கிடைக்காவிட்டால் தயவுசெய்து ஊகிக்காதீர்கள். சாட்சி சொன்ன சொல்லையே ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டு, அடியில் மொழிபெயர்ப்பாளர் குறிப்பாக, இந்தச் சொல் யார் யாரைக் குறிக்கலாம் என்றும், ஆவணத்திலிருந்து முடிவுசெய்ய முடியவில்லை என்றும் இரண்டு வரி எழுதுங்கள். அந்தக் குறிப்பைப் பார்த்ததும் எதிர்த்தரப்பு எழுந்து கேள்வி கேட்கும், கேட்கட்டும். மூலத்தில் உள்ள சந்தேகம் நீதிபதியின் கண்ணுக்குத் தெரிந்தால், கூடுதல் சாட்சியத்துக்கு உத்தரவிட அவருக்கு வழி உண்டு. ‘அங்கிள்’ என்று எழுதி அதை மூடிவிட்டால், கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருந்தது என்பதே யாருக்கும் தெரியாது.

அன்புடன்,
சொத்து வழக்குகளில் உங்கள் பக்கங்களைப் படிக்கும் ஒரு வழக்கறிஞர்