அணை மட்டக் கோட்டின் இருபுறமும் உள்ள சாம்பல் பட்டை: குடிநீர் பற்றி முடிவெடுப்போருக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரி மலை நகரங்களின் நகர்மன்ற உறுப்பினர்களுக்கும் குடிநீர்ப் பிரிவுப் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

கோடைக்கு முன் நடக்கும் கூட்டங்களில் அணை நீர்மட்டம் பற்றிய முன்கணிப்பு வரைபடம் ஒன்று உங்கள் மேசைக்கு வரும். பிப்ரவரியில் தொடங்கி மே இறுதிவரை சரிந்து செல்லும் ஒரு கோடு. அதன் இருபுறமும் போகப் போக அகலமாகும் ஒரு சாம்பல் நிறப் பட்டை. பேச்சு முழுவதும் கோட்டைப் பற்றியே நடக்கும். “மே கடைசியில் 12 அடி நிற்கும், சமாளித்துவிடலாம்” என்று ஒருவர் சொல்வார், அடுத்த பொருளுக்குப் போய்விடுவோம். அந்தப் பட்டை எதற்காக வரையப்பட்டது என்று கேட்பாரில்லை. குடிநீர் விநியோகத்தை எப்போது குறைப்பது என்ற முடிவுக்குத் தேவையான செய்தி அந்தப் பட்டைக்குள்தான் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ரேலியா அணையை நம்பியிருக்கும் குன்னூரின் நிலையை நினைத்துக்கொள்ளுங்கள். மலையின் கிழக்குச் சரிவில் இருப்பதால் வடகிழக்குப் பருவமழைதான் இங்கே பெரிதும் கைகொடுக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சேர்ந்த நீரை ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட மாதங்களில் எடுத்துச் செலவழிக்கிறோம். ஏப்ரல், மே மாதங்களில் கோடைமழை பெய்யலாம், பெய்யாமலும் போகலாம். ஒரு சரிவில் கொட்டித் தீர்த்துவிட்டு அடுத்த சரிவைத் தொடாமலே போகிற மழை அது. சீசன் கூட்டம் வருவதும் அதே இரண்டு மாதங்களில்தான். எனவே பிப்ரவரியில் நின்றுகொண்டு மே மாதத்து மட்டத்தை ஒரே எண்ணாகச் சொல்ல எவராலும் முடியாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. எந்த அணையின் அளவும் அல்ல. பிப்ரவரி 1 அன்று மட்டம் 30 அடி. 8 அடிக்குக் கீழே போனால் மோட்டார் இறைக்காது, சேறுதான் வரும். மே 31 அன்று கோடு 12 அடியைக் காட்டுகிறது. பட்டை 5 அடியிலிருந்து 19 அடிவரை விரிந்திருக்கிறது. அது 80 சதவீதப் பட்டை. அப்படியென்றால், பத்தில் எட்டு வாய்ப்பு மட்டம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும், பத்தில் ஒரு வாய்ப்பு 5 அடிக்கும் கீழே போகும், மீதி ஒரு வாய்ப்பு 19 அடிக்கு மேலே போகும். வழக்கமான மணி வடிவப் பரவல் என்று எடுத்துக்கொண்டால், அன்று மட்டம் 8 அடிக்குக் கீழே இருக்கும் வாய்ப்பு சுமார் 23 சதவீதம் என்று வரும். ஏறத்தாழ நான்கில் ஒன்று. கோடோ 8 அடியைத் தொடவே இல்லை. கோட்டை மட்டும் பார்த்தவர் “பிரச்சினை இல்லை” என்று எழுந்து போவார். அதே தாளில், அவர் கண்முன்னேயே, நான்கில் ஒரு பங்கு ஆபத்து வரையப்பட்டிருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இதே முன்கணிப்பை, ஓர் எண்ணைக்கூட மாற்றாமல், 50 சதவீதப் பட்டையாக வரைந்தால் அது ஏறத்தாழ 8.3 முதல் 15.7 அடிவரை வரும். கீழ் விளிம்பு மோட்டார் மட்டத்துக்கு மேலேயே நிற்கும். 95 சதவீதப் பட்டையாக வரைந்தால் சுமார் 1 அடி முதல் 23 அடிவரை விரிந்து, அணையே வற்றிவிடும்போலத் தோன்றும். கணிப்பு ஒன்றுதான், ஆபத்தும் ஒன்றுதான். ஒரு படம் உங்களைத் தூங்கவைக்கிறது, இன்னொன்று கலங்கடிக்கிறது. எக்செலில் முன்கணிப்புத் தாள் போட்டால் அது கேட்காமலே 95 சதவீதத்தை வைத்துக்கொள்ளும். வேறு மென்பொருள் வேறொன்றை வைத்துக்கொள்ளும். எனவே சதவீதம் எழுதப்படாத பட்டையை மேசையில் ஏற்றுக்கொள்ளாதீர்கள். எத்தனை சதவீதம் என்பதை மென்பொருள் தீர்மானிக்கவும் விடாதீர்கள்.

யார் தீர்மானிப்பது? நீங்கள்தான், அதுவும் செலவை வைத்து. மார்ச்சிலேயே விநியோகத்தை மூன்று நாளுக்கு ஒருமுறை என்று குறைத்தால் மக்களுக்குச் சிரமம், விடுதிகளுக்கு இழப்பு, உங்களுக்கு வசவு. அதையெல்லாம் பணமாக்கி 10 லட்சம் ரூபாய் என்று வைப்போம். குறைக்காமல் இருந்து மே மாதத்தில் அணை கைவிட்டால், மலைப்பாதையில் லாரி லாரியாகத் தண்ணீர் ஏற்ற வேண்டும். மேட்டுத் தெருக்களுக்கும் எஸ்டேட் லயன் வீடுகளுக்கும் அதுவும் போய்ச் சேராது. முன்கூட்டியே குறைத்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய அந்த இழப்பை 60 லட்சம் என்று வைப்போம். 10-ஐ 60-ஆல் வகுத்தால் ஆறில் ஒன்று, அதாவது சுமார் 17 சதவீதம். ஆபத்தின் வாய்ப்பு இதைவிடக் கூடினால் குறைப்பதே லாபம், குறைந்தால் காத்திருக்கலாம். நம் கணக்கில் 23 சதவீதம் என்பது 17-ஐத் தாண்டிவிட்டது. கோடு 12 அடியில் நிம்மதியாக நிற்கும்போதே, குறைக்கத் தொடங்குவதுதான் சரியான முடிவு. லாரிச் செலவு 60 லட்சத்துக்குப் பதில் 30 லட்சமாக இருந்திருந்தால் எல்லை மூன்றில் ஒன்றாகியிருக்கும். அதே கணிப்பை வைத்துக்கொண்டு பொறுத்திருப்பதே சரியாகியிருக்கும். இந்த எல்லையைப் புள்ளியியல் தெரிந்தவர் சொல்லித்தர முடியாது. நகரின் செலவுகளை அறிந்த நீங்கள் சொல்ல வேண்டும். சொன்னபின், பட்டையின் கீழ் விளிம்பை அந்த 17 சதவீதத்தில் வரைந்து தரும்படி பொறியாளரைக் கேளுங்கள். அப்போது அந்த விளிம்பு 8 அடியைத் தொடும் நாளே நீங்கள் கண் வைக்க வேண்டிய நாளாகிவிடும்.

பட்டை எதைச் சுற்றி வரையப்பட்டது என்பதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. கடந்த 40 ஆண்டுகளின் மழையை வைத்துக் கணக்கிட்டவர், சராசரி எவ்வளவு உறுதியானது என்பதற்கான பட்டையை வரைந்துவிடலாம். அது 40-இன் வர்க்கமூல அளவுக்கு, அதாவது ஆறு மடங்குக்கு மேல் குறுகிவிடும். நம் எடுத்துக்காட்டில் அது ஏறத்தாழ 11 முதல் 13 அடிவரைதான் வரும். பார்ப்பதற்கு மெல்லிய, அழகான, நம்பிக்கை தரும் பட்டை. ஆனால் அது சொல்வது வேறு: பல ஆண்டுகளின் மே மாத மட்டங்களைக் கூட்டிச் சராசரி எடுத்தால் அது எங்கே விழும் என்பதை மட்டும்தான். நகரம் சராசரி மே மாதத்தில் தண்ணீர் குடிப்பதில்லை, வரப்போகும் இந்த ஒரு மே மாதத்தில் குடிக்கிறது. நான்கு மாதத்துக்குப் பிந்தைய மட்டத்தைச் சுற்றி இப்படி மெல்லிய பட்டை வந்தால் சந்தேகப்படுங்கள். “பழைய ஆண்டுகளில் உண்மையான மட்டம் எத்தனை முறை இந்தப் பட்டைக்குள் நின்றது?” என்று கேளுங்கள். 80 சதவீதப் பட்டை என்றால் பத்துக்கு எட்டு நிற்க வேண்டும். பாதிகூட நிற்கவில்லையென்றால் அது வேறெதற்கோ வரைந்த பட்டை.

அடுத்து, மே 31 அன்று 23 சதவீதம் என்பது அந்த ஒரு நாளுக்கான விடை. உங்கள் கேள்வி அதுவல்ல. மே 12 அன்று மட்டம் 8 அடிக்குக் கீழே இறங்கி, 20 ஆம் தேதி பெய்த மழையில் மறுபடி ஏறியிருக்கலாம். மே 31-ஐ மட்டும் பார்த்தால் அந்த ஆண்டு “தப்பித்த” ஆண்டாகிவிடும். இடையில் குழாயில் காற்று வந்த நாட்கள் கணக்கில் வராது. நாளுக்கு நாள் வரையப்படும் பட்டை இதைக் காட்டாது. பட்டையின் கீழ் விளிம்பும் எந்த ஓர் ஆண்டின் கதையும் அல்ல, வெவ்வேறு ஆண்டுகளின் புள்ளிகளைத் தொடுத்த கோடு அது.

இதற்கு நேரான வழி ஒன்று உண்டு. நீரியல் துறையில் பல காலமாகப் புழங்குவது. இன்றைய 30 அடியிலிருந்து தொடங்குங்கள். ஒரு பழைய ஆண்டின் பிப்ரவரி முதல் மே வரையிலான மழையை அப்படியே இந்த ஆண்டில் பெய்வதாக வைத்து, இன்றைய இறைப்பு அளவில் அணையை நாள்தோறும் காகிதத்தில் ஓட்டிப் பாருங்கள். அப்படி ஒவ்வோர் ஆண்டுக்கும் செய்தால் 40 கோடுகள் கிடைக்கும். அவற்றில் எத்தனை கோடுகள் ஏதாவது ஒரு நாளில் 8 அடிக்குக் கீழே போயின என்று எண்ணுங்கள். 11 என்று வந்தால், “40 ஆண்டுகளின் மழையில் 11 ஆண்டுகளின் மழை நமக்குப் போதாது” என்று மன்றத்தில் எழுந்து சொல்லலாம். எந்த உறுப்பினருக்கும் விளங்கும். நாற்பது கோடுகளையும் மெல்லியதாக வரைந்து, போதாத பதினொன்றை மட்டும் சிவப்பில் காட்டினால் சாம்பல் பட்டையே தேவைப்படாது. கணக்கை அடியில் செய்யாமல் கன அளவில் செய்யச் சொல்லுங்கள். பள்ளத்தாக்கு அணையில் அடிப்பகுதியின் ஓர் அடியில் மேற்பகுதியின் ஓர் அடியைவிட மிகக் குறைந்த நீரே இருக்கும், கடைசி அடிகள் வேகமாகக் கரையும்.

மழைக்கணக்கு உங்கள் அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதியுடையதாக இருக்க வேண்டும். 2019 ஆகஸ்ட் மாதம் மேற்கே அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானது. அதே மாவட்டத்தின் கிழக்குச் சரிவுக்கு அந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாது. மாவட்டச் சராசரியை எடுத்தால் ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பட்டை பொய்யாகக் குறுகிவிடும்.

நாற்பது கோடுகளிலும் சேராத ஒன்று இருக்கிறது: மனிதர்களின் பக்கம். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வந்தது. அதற்கு முந்தைய மே மாதங்களின் நீர்ச் செலவைக் கொண்டு போட்ட பட்டைக்கு இது தெரியாது. பழைய மோட்டார் பழுதாகும் வாய்ப்பும் அதற்குத் தெரியாது. இவற்றைப் பட்டைக்குள் திணித்து அகலமாக்குவதைவிட, படத்தின் கீழே இரண்டு வரி எழுதுவதே நேர்மை: “இறைப்பு இன்றைய அளவில் நீடிக்கும் என்று கொண்டது. வாகன வரம்பு மாறினால் கணக்கு மாறும்.”

எனவே உங்களிடம் நான் கேட்பது இது. வரும் பிப்ரவரிக் கூட்டத்துக்கு முன், நகர்மன்றம் தன் இரண்டு செலவுகளையும் எழுதி ஓர் எல்லைச் சதவீதத்தைத் தீர்மானமாக நிறைவேற்றட்டும். குடிநீர்ப் பிரிவு அந்த எல்லைக்கு ஏற்ற படத்தை, சதவீதமும் அனுமானங்களும் எழுதிய படத்தை, கொண்டுவரட்டும். ஒவ்வோர் ஆண்டுக் கணிப்பையும் உண்மை மட்டத்தோடு சேர்த்துக் கோப்பில் வைத்து, யார் கேட்டாலும் காட்டட்டும். பழைய மழைக் குறிப்பேடுகள் பல தேயிலைத் தோட்ட அலுவலகங்களில் இருக்கின்றன. நகராட்சியிலிருந்து முறையாக ஒரு கடிதம் போனால் கேட்டுப் பெறலாம். அவற்றைப் பார்த்து எழுதி, அட்டவணையாக்கித் தரும் வேலையை நானும் என் பழைய மாணவர்கள் சிலரும் ஊதியமின்றிச் செய்து தருகிறோம்.

இப்படிக்கு,
குன்னூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர்