குரூப் அட்மின் மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்ள,

போன வாரம் போனில் கேட்டாயே, "கலாய்க்கிறதை நிறுத்தச் சொன்னா நம்ம பேட்ச் குரூப்பே செத்துடும், சொல்லாம விட்டா நாலு பேர் ஓடிடுவான், நான் என்னதான் பண்றது?" என்று. போனில் சொன்னால் பாதியிலேயே நீ என்னையே ஓட்ட ஆரம்பித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். நம்மைப் போல நூறு குரூப்பில் நூறு அட்மின்கள் இதே தலைவலியோடு இருப்பார்கள் என்பதால் பொதுவிலேயே போடுகிறேன்.

அந்தப் புதுமனை புகுவிழா போட்டோவை எடுத்துக்கொள்வோம். வருஷத்துக்கு இரண்டு முறை பிறந்தநாள் வாழ்த்து மட்டும் சொல்கிற நம் திருப்பூர்க்காரன், வீடு கட்டி முடித்த சந்தோஷத்தில் ஒரு படம் போட்டான். வீட்டுக்கு முன்னால் வேட்டியில் அவன். முதல் பதில், "வீட்டுக்கு லைட்டே வேண்டாம் போல, தலை ஒண்ணு போதும்". சரி, அது ஒரு ஜோக். நேரில் டீக்கடையில் சொல்லியிருந்தால் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் சிரித்திருப்பார்கள், அவனும் சேர்ந்து சிரித்திருப்பான், அடுத்த பேச்சுக்குப் போயிருப்போம். குரூப்பில் அந்த எட்டுச் சிரிப்பும் எட்டுத் தனி மெசேஜாக வந்தது. ஒருவன் மொட்டை ஜிஃப், இன்னொருவன் பல்பு படம். மூன்றாமவன் தலையை மட்டும் வெட்டி ஸ்டிக்கரே செய்துவிட்டான். அரை மணி நேரத்தில் வீடு எங்கோ மேலே போய்விட்டது, தலை மட்டும்தான் மிச்சம். அவன் ஒரே ஒரு சிரிப்பு பொம்மை போட்டான். அப்புறம் பேச்சே இல்லை.

இதில் முதல் ஜோக்கைப் பிடித்து நீ திட்டினால் தப்பான ஆளைப் பிடிக்கிறாய். காயம் முதல் ஆளால் வருவது குறைவு. அதற்குப் பின்னால் வருகிற வரிசைதான் காயப்படுத்துகிறது. இரண்டாவது ஆளிலிருந்து யாரும் ஜோக் சொல்லவில்லை, கை தூக்கி ஓட்டுப் போடுகிறார்கள். ஒவ்வொருவனும் "நான் ஒண்ணுதானே போட்டேன்" என்று நினைக்கிறான், அது உண்மையும்கூட. வாங்குகிறவனுக்கு மட்டும்தான் மொத்தக் கூட்டல் தெரியும். போதாததற்கு, தனி அரட்டையில் நீல டிக்கை மறைத்துவைக்கிறவனால்கூட வாட்ஸ்அப் குரூப்பில் அதை மறைக்க முடியாது. ஆகவே பார்க்காத மாதிரி இருந்துவிடலாம் என்ற வழியும் அவனுக்கு அடைத்துவிட்டது. பார்த்தான், பதில் சொல்லத் தெரியவில்லை என்பது எழுதியவனுக்கெல்லாம் தெரியும்.

நம் ஊரில் கேலிக்கு எப்போதும் ஒரு முறை இருந்தது, யோசித்துப் பார். மச்சானை ஓட்டலாம், மாமன் மகனை ஓட்டலாம், கொழுந்தியா நம்மை வறுத்தெடுக்கலாம். சித்தப்பாவிடம் அந்தப் பேச்சு எடுபடாது. மானிடவியலில் ராட்கிளிஃப் பிரவுன் 1940இல் இந்தக் கேலி உறவைப் பற்றித்தான் தனிக் கட்டுரையே எழுதினார். கல்யாண வீட்டு ஏசல் பாட்டில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைக் கிண்டலடித்தால், மாப்பிள்ளை வீட்டார் எதிர்ப்பாட்டுப் பாடுவார்கள். திருப்பிக் கொடுக்க ஆள் இருக்கிற இடத்தில்தான் கிண்டல் ஓடும். குரூப்பில் எல்லாரும் எல்லாருக்கும் மச்சி ஆகிவிட்டோம், அந்த முறை காணாமல் போய்விட்டது.

அதனால் எவ்வளவு காரமான ஜோக் என்று அளக்காதே. இவன் திருப்பிக் கொடுப்பானா என்று மட்டும் பார். இதற்கு ஊகமும் தேவையில்லை. குரூப்பில் மேலே போய்ப் பழைய பேச்சைக் கொஞ்சம் புரட்டு. நம் சேலத்துக்காரனைப் பார், அவனை எவ்வளவு ஓட்டினாலும் அடுத்த நிமிஷமே ரெண்டு மடங்காகத் திருப்பித் தருவான், தானாகவே வந்து வம்பிழுப்பான். அது உரிமம். திருப்பூர்க்காரன் இத்தனை வருஷத்தில் யாரையும் ஒரு வார்த்தை ஓட்டியதில்லை, வாங்கிக்கொண்டு மட்டும் இருக்கிறான். அவன் போட்ட சிரிப்பு பொம்மையைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. கூட்டத்தில் சிக்கினவன் வேறென்ன போடுவான்?

"நாங்க பாசத்துலதான சொன்னோம், அது அவனுக்கே தெரியும்" என்பான் ஸ்டிக்கர் செய்தவன். ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி முதலான உளவியல் ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்காகவே செய்தது போல இருக்கும். சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் சிலவற்றை நிஜமாகவும் மின்னஞ்சலில் எழுதி அனுப்பச் சொன்னார்கள். பத்தில் கிட்டத்தட்ட எட்டு சரியாகப் புரியும் என்று அனுப்பினவர்கள் நம்பினார்கள். படித்தவர்கள் சரியாகச் சொன்னது பாதியைச் சற்றே தாண்டியது. காசைச் சுண்டிப் பார்த்தாலே பாதி வந்துவிடும், மாப்ள. எழுதும்போது நம் மண்டைக்குள் நம் குரலும் இளிப்பும் ஓடுகின்றன. அங்கே போய்ச் சேருவது எழுத்து மட்டும்தான்.

இனி அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்ல மனசுக்காரர்கள் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். "டேய் போதும்டா, அவன் ஃபீல் பண்ணுவான்" என்று குரூப்பில் எழுதிவிடாதே. அதுவரை அவனுக்கு முடி மட்டும்தான் இல்லை, நீ எழுதின பிறகு தைரியமும் இல்லாதவன் ஆகிவிடுவான். அடுத்து "ஃபீல் பண்ணிட்டியா மச்சி?" என்று நாலு பேர் கேட்பார்கள், அதற்கும் அவன் பதில் சொல்ல வேண்டும்.

அவன் போட்ட மூலப் படத்தை இழுத்து, அதற்கே பதில் போடு. படம் மறுபடி கீழே வரும். பதிலில் அவனுக்கு மட்டுமே தெரிந்த ஏதாவது ஒன்றைக் கேள்: "திண்ணைக்கு என்ன கல்லுடா போட்ட? எங்க வீட்டுலயும் மாத்தணும், சதுர அடி என்ன ஆச்சு?" கூச்சக்காரனுக்கு ஜோக்குக்குப் பதில் ஜோக் வராது, ஆனால் கல்லைப் பற்றிக் கேட்டால் பத்து வரி எழுதுவான். வீடு கட்டினவனிடம் கேட்டுப் பார், நிறுத்தவே மாட்டான். இரண்டு பேர் இப்படிக் கேட்டாலே வரிசை அறுந்துவிடும். முன்கூட்டியே ஒருவனிடம் சொல்லி வைத்துக்கொள், நீ வேலையில் இருக்கும்போது அவன் கேட்பான். முதல் பத்து நிமிஷத்துக்குள் நடந்தால்தான் இதற்குப் பலன். இருபது மெசேஜ் ஓடின பிறகு கேட்டால் பேச்சை மாற்றுகிறாய் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

அதே நேரத்தில் ஸ்டிக்கர் செய்தவனைத் தனியாகக் கூப்பிடு. மெசேஜ் வேண்டாம், போன். அட்மின் என்கிற முறையில் நீயே அழிக்கலாம், ஆனால் அந்த இடத்தில் அட்மின் நீக்கினார் என்று உன் பெயரோடு தடம் நிற்கும், அதை வைத்து இன்னொரு சுற்று ஓட்டுவார்கள். அவனே எல்லாருக்குமாக அழித்தால் சத்தம் குறைவு. அதற்கு இரண்டு நாளைக்குச் சற்று மேல் வரைதான் வாட்ஸ்அப் இடம் தரும், ஆகவே ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று தள்ளாதே. இன்னொன்று, மெசேஜை அழித்தாலும் மற்றவர்கள் தங்கள் ஃபேவரிட்டில் சேர்த்துவைத்த ஸ்டிக்கர் அங்கேயே இருக்கும். எப்போதும் ஸ்டிக்கர் போடுகிற அந்த மூன்று பேரிடம் தனித்தனியாக எடுக்கச் சொல்ல வேண்டியதுதான். இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து அவன் பிறந்தநாளுக்கு அதே தலை திரும்ப வரும்.

திருப்பூர்க்காரனிடமும் பேச வேண்டும். "மனசு கஷ்டமா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்காதே. "அதெல்லாம் ஒண்ணுமில்லடா" என்பதுதான் எந்தக் காலத்திலும் இதற்கு வந்த பதில். அதற்குப் பதிலாக, "அந்த ஸ்டிக்கரை எடுக்கச் சொல்லட்டுமா, இருந்துட்டுப் போகட்டுமா?" என்று கேள். கஷ்டப்பட்டேன் என்று ஒத்துக்கொள்ளாமலே "எடுக்கச் சொல்லிடு" என்று இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்வான். "இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு" என்றும் சொல்லலாம். அப்போது அதை நம்பு.

பேசாதவன் எல்லாம் புண்பட்டவன் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நம் குரூப்பில் பாதிப் பேர் ராத்திரி படுக்கும்போது படித்துச் சிரித்துவிட்டுத் தூங்குகிறவர்கள். மௌனத்தைவிட அவர்கள் வழக்கம் மாறுவதைப் பார். நீ போட்ட ஏதாவதொரு மெசேஜை அழுத்திப் பிடித்து இன்ஃபோவைத் திற. எப்போதும் அன்றிரவே படித்தவர்கள் பட்டியலில் வருகிறவன், ஒரு சம்பவத்துக்குப் பிறகு வாரக்கணக்கில் படிக்காதவர் பட்டியலிலேயே கிடந்தால், குரூப்பை ஆர்க்கைவில் தள்ளிவிட்டான் என்று வைத்துக்கொள்ளலாம். ஊருக்குப் போயிருக்கலாம், ஆடிட் நேரமாக இருக்கலாம், அதனால் உடனே குதிக்காதே. ஆனால் ஒரு போன் போடுவதற்கு அது போதுமான காரணம். யாராவது வெளியேறினாலும் 2022இலிருந்து அட்மின்களுக்கு மட்டும்தான் அறிவிப்பு வரும். அந்த அமைதியைக் காப்பாற்று. "யாருடா இவனை விட்டது?" என்று திரும்பச் சேர்ப்பது நம் ஆட்களுக்குப் பாச விளையாட்டு. போனவனுக்கு அது இரண்டாவது அடி.

விதிமுறை பத்து எழுதி ஒட்டலாம் என்றாயே, வேண்டாம், அதையே மீம் ஆக்குவார்கள். குரூப் விவரத்தில் ஒரே வரி போதும்: உடம்பு, நிறம், சாதி, சம்பளம், கல்யாணம், குழந்தை பற்றிக் கலாய்ப்பு இல்லை. ஒருவன் தானே செய்ததை ஓட்டலாம். திருப்பூர்க்காரன் ஐந்து பேருக்குப் பதினைந்து பிரியாணி சொன்ன கதையை எடுத்தால் அவனே வந்து கணக்குச் சொல்வான். அவனைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி யாரும் தொடாமல் இருந்தால் அதுவும் ஒதுக்கிவைத்த மாதிரிதான். முடியை அவன் தேர்ந்தெடுக்கவில்லை, பிரியாணியை அவன்தான் ஆர்டர் செய்தான்.

வெறித்தனமாக ஓட்டிக்கொள்ள ஆசைப்படுகிற ஏழெட்டுப் பேருக்குத் தனி குரூப் ஆரம்பித்துக் கொடு. யாரையும் நேராகச் சேர்க்காதே, லிங்க் மட்டும் போடு, விருப்பமுள்ளவன் வரட்டும். ஒரே நிபந்தனை, உள்ளே இல்லாதவனைப் பற்றி அங்கே பேச்சு இருக்கக் கூடாது. இது நூறு சதவீதம் நிற்காது, எப்படியும் நழுவுவார்கள். ஆனாலும் பெரிய குரூப்பில் சூடு குறைந்துவிடும்.

டிசம்பர் சந்திப்பில் மேடையில் ஆளுக்கொரு பட்டம் கொடுக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். அங்கே அழிக்கிற பட்டன் கிடையாது, பக்கத்தில் பெண்டாட்டி பிள்ளைகள் வேறு உட்கார்ந்திருப்பார்கள். பட்டியலை எனக்கு முன்பே அனுப்பு. அதிகம் பேசாதவர்களுக்கு மட்டும் இரண்டு பட்டம் எழுதி அவர்களுக்கே அனுப்பி, எது வேண்டும் என்று கேட்டுவிடுவோம். எனக்கு எதை வேண்டுமானாலும் வை.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் ரூம்மேட்