பாப்பாவுக்கு, ஏசி பில் பற்றி

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய கரண்ட் பில்லைப் பார்த்தேன். 620 யூனிட். மொட்டை மாடிக்கு நேர் கீழே வீடு, சென்னை மே மாதம், ராத்திரி முழுக்க ஏசி என்றால் இப்படித்தான் வரும். மாப்பிள்ளை 18-ல் வைத்தால்தான் சீக்கிரம் குளிர்கிறது என்கிறாராமே. முப்பது வருஷமாக ஏசி வேலை பார்த்தவன் என்ற முறையில் அதை மட்டும் மறுக்கிறேன்.

அறை நன்றாகச் சூடாக இருக்கும்போது 18-ல் வைத்தாலும் 25-ல் வைத்தாலும் கம்ப்ரசர் தொடக்கத்தில் முழு வேகத்தில்தான் ஓடும். 25-க்கு வந்து சேர இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகும். வித்தியாசம் அதற்குப் பிறகு. உங்களுடையது இன்வெர்ட்டர் ஏசி. வைத்த அளவை அறை தொட்டதும் அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மிச்சம் பிடிப்பது அங்கேதான். பகலெல்லாம் காய்ந்த காங்கிரீட் விடியும்வரை சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும் உங்கள் அறை 18-ஐத் தொடவே தொடாது. பாவம், கம்ப்ரசர் இரவு முழுக்க மூச்சு வாங்க ஓடும்.

27-ல் வைத்து, சீலிங் ஃபேனை நடுத்தர வேகத்தில் போடுங்கள். ஃபேன் அறையைக் குளிர்விக்காது. வேர்வையை உலர்த்துவதால் உடம்புக்கு ஓரிரண்டு டிகிரி குறைந்ததுபோல் இருக்கும். பழைய ஃபேன்கூட 75 வாட்தான், ஏசியோடு பார்த்தால் அது ஒரு செலவே இல்லை. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு கணக்குச் சொல்கிறது. 2020-லிருந்து ஸ்டார் லேபிள் ஏசிகளை ஆன் செய்ததும் 24-ல் தொடங்கும்படி வைக்கச் சொன்னதும் அவர்கள்தான்.

27-ல் பிசுபிசுப்பாக இருக்கிறது என்று நீ சொல்வாய், கடற்கரை ஊர் அல்லவா. அப்போது டிகிரியைக் குறைக்காதே, ஏசியின் காற்று வேகத்தைக் குறை. காற்று மெதுவாகப் போனால் உள்ளே இருக்கும் காயில் என்ற குழாய்ச் சுருள் இன்னும் குளிர்ந்து ஈரத்தை அதிகம் பிடிக்கும். டிரை மோடு ஐப்பசி மழை ராத்திரிகளுக்குத்தான் சரி, கத்திரி வெயிலில் அதை நம்பி உட்கார்ந்தால் அறை குளிராது.

ஏசி போடுவதற்கு முன் ஜன்னலைத் திறந்து, ஃபேனை வேகமாக வைத்துக் கொஞ்ச நேரம் உள்சூட்டை வெளியே தள்ளிவிடு. அப்புறம் எல்லாவற்றையும் மூடு, கதவடி இடுக்கில் ஒரு பழைய துணியை வை.

என் பேச்சை நம்ப வேண்டாம், மீட்டரைக் கேள். படுக்கும்போதும் எழும்போதும் மீட்டரில் kWh என்று வரும் எண்ணைக் குறித்துக்கொள். ஒரு ராத்திரி பழையபடி 18, மறு ராத்திரி 27-ம் ஃபேனும். ஃபிரிட்ஜ் இரண்டு இரவிலும் ஒரே மாதிரி ஓடுவதால் வித்தியாசம் ஏசியுடையதுதான். உதாரணத்துக்கு 8 யூனிட் 5 ஆகக் குறைகிறது என்று வைத்துக்கொள். இரண்டு மாதத்தில் 180 யூனிட். உங்கள் 620 அப்போது 440 ஆகிவிடும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. நம் ஊர் கணக்கில் 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுக்கு மலிவு விலை, 500-ஐத் தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும். மேலே உள்ள யூனிட்டுகளின் விலையும் ஏறிக்கொண்டே போகும்.

27-ல் வைத்தும் ஒரு மணி நேரம் கழித்து வெளி யூனிட்டின் சத்தம் தணியவில்லை என்றால் எங்கோ கோளாறு. முதலில் முன்மூடியைத் திறந்து ஃபில்டரைப் பார். வெயில் காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து மாட்ட வேண்டும். தூசி அடைத்திருந்தால் காற்று குறையும், சில நேரம் காயிலில் பனி கட்டி உள்ளே தண்ணீர் சொட்டும். பிறகு பால்கனிக்குப் போய் வெளி யூனிட்டைப் பார். அதன் முன்னால் நீ துணி காயப்போடுவதைப் போன தடவையே பார்த்தேன். அது ஊதும் சூடான காற்று தடையில்லாமல் வெளியேற வேண்டும்.

இரண்டும் சரியாக இருந்தும் குளிரவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடு. "வருஷா வருஷம் கேஸ் குறையும், நிரப்ப வேண்டும்" என்று அவர் சொன்னால் உடனே பணம் கொடுக்காதே. கேஸ் குழாய்க்குள் மூடிக்கிடப்பது, ஓடி ஓடித் தீராது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்த பிறகு நிரப்பச் சொல். அவர் முரண்டு பிடித்தால் எனக்கு ஃபோன் போட்டு அவரிடம் கொடு.

அன்புடன்,
அப்பா