இங்கி பிங்கிக்குப் பதின்மூன்று தட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு சிறுவர் பக்கத்தில் 'இங்கி பிங்கி பாங்கி' பற்றி வந்த குறிப்பில், "யார் மாட்டுவார் என்பது முழுக்க முழுக்க அதிர்ஷ்டம்" என்று ஒரு வரி இருந்தது. தெருவில் ஆடிய எவரும் ஒப்புக்கொள்ளாத வரி இது. தாங்களும் தெருவில் ஆடி வளர்ந்தவராகத்தான் இருப்பீர்கள். அந்த வரி தங்கள் கண்ணைத் தாண்டி அச்சேறியதுதான் வருத்தம்.

பாட்டுக்கு எத்தனை தட்டு என்று எண்ணிப் பார்த்திருந்தால் போதும். இங்கி, பிங்கி, பாங்கி மூன்று. ஃபாதர், ஹாடே, டாங்கி மூன்று. டாங்கி, டைட் இரண்டு. ஃபாதர், க்ரைட் இரண்டு. மறுபடி இங்கி, பிங்கி, பாங்கி மூன்று. ஆக 13. ஒரு சொல்லுக்கு ஒரு தட்டு. 'ஹாட் எ' இரண்டும் சேர்ந்து ஒரே தட்டு.

ஐந்து பேர் வட்டமாக நிற்கிறார்கள். முதலாமவரிடம் தொடங்கினால் பதின்மூன்றாவது தட்டு மூன்றாமவர் மேல் விழும். அவர் பழம், விலகிவிடுவார். அடுத்து நிற்கும் நான்காமவரிடமிருந்து மறுபடி பாட்டு. இப்போது நான்கு பேர். மூன்று சுற்றில் 12 தட்டு தீர்ந்து, கடைசித் தட்டு தொடங்கிய நான்காமவர் மேலேயே விழும். மூன்று பேரானாலும் இரண்டு பேரானாலும் இதே கணக்குத்தான், தொடங்கியவரே பழம். அப்படி ஐந்தாமவரும் முதலாமவரும் போக, மாட்டுவது இரண்டாமவர். எந்த ஊரில் எத்தனை முறை பாடினாலும் ஐவர் என்றால் இரண்டாமவர்தான். ஒருவரை மாட்டிவிட நினைக்கும் பிள்ளை, அவருக்கு முந்தி நிற்பவரிடம் தொடங்கினால் வேலை முடிந்தது. ஆறு பேர் என்றால் மூன்றாமவர். நான்கு பேர் என்றால் நான்காமவர். எண்ணிக்கை மாறினால் இடம் மாறும். 'ஒப்புக்குச் சப்பாணி'யாக நிற்கும் தம்பியை வட்டத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று பெரிய பிள்ளைகள் அவ்வளவு சண்டை போடுவதும் இதனால்தான்.

தங்கள் பக்கத்தில் 'ஹாட்', 'எ' இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் ஒரு கை படம் போட்டிருந்தீர்கள். அதனால் 14 தட்டு ஆகிவிட்டது. அதே ஐவரை வைத்து எண்ணிப் பாருங்கள். முதலில் நான்காமவர் போவார், பிறகு முதலாமவர், மூன்றாமவர், இரண்டாமவர். மாட்டுவது ஐந்தாமவர். ஒரே ஒரு தட்டு கூடியதற்கு இந்த மாற்றம். அழுகுணி ஆட்டம் ஆடுகிறவர்கள் செய்வதும் இதைத்தான். ஒரு சொல்லை இழுத்து இரண்டு தட்டாக்குவார்கள், அல்லது கடைசியில் 'நீ அவுட்' என்று வால் ஒட்டுவார்கள். வாயைக் கேட்டுக்கொண்டிருந்தால் பிடிபடாது. விரலைப் பார்க்க வேண்டும். சொல் முடிந்த பிறகும் விரல் நகர்ந்தால் ஏமாற்று.

இதெல்லாம் தெருவோடு நிற்கும் சங்கதி அல்ல. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிள்ளைகளைக் கவனித்த கென்னத் கோல்ட்ஸ்டீன், இப்படிப்பட்ட எண்ணிக்கைப் பாட்டுகளை அவர்கள் எப்படி வளைக்கிறார்கள் என்று 1971-இலேயே அச்சில் எழுதியிருக்கிறார். பாட்டை நீட்டுவது, ஆள் எண்ணிக்கைக்குத் தோதான பாட்டைத் தேர்வது, தன் இடத்தை மாற்றிக்கொள்வது எல்லாம் அதில் உண்டு. அத்தனை வருடம் கழித்தும் நம் பத்திரிகைக்கு அது 'அதிர்ஷ்டம்'.

சொல்லப்போனால் இது முதல் முறையும் அல்ல. போன கோடை விடுமுறையில் 'மறைந்துபோன விளையாட்டுகள்' என்று ஒரு முழுப் பக்கம் வந்தது. ஐஸ்பாய், நொண்டி, கல்லா மண்ணா எல்லாம் இருந்தன. எதையும் எப்படி ஆடுவது என்று ஒரு வரி இல்லை. ஏக்கம் மட்டும் இருந்தது. 'சா பூ த்ரீ'யைக் குழந்தைத்தனமான கைதட்டல் என்று எழுதியிருந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளங்கையையோ புறங்கையையோ காட்டுவதால் யாரும் முன்கூட்டிக் கணக்குப் போட முடியாது. இங்கி பிங்கியில் ஏமாந்த பிள்ளைகள் அதற்குத் தாவுவது அந்தக் காரணத்தால். அதற்கும் எல்லை உண்டு. மூவர் கை போட்டால் நான்கில் மூன்று முறை ஒருவர் தனியாகப் பிரிவார். ஆறு பேர் என்றால் பதினாறில் மூன்று முறைதான். கடைசி இருவரை அது பிரிக்கவே பிரிக்காது. ஏற்கெனவே பழமான ஒருவர் வந்து மூன்றாவது கை போட வேண்டும். இதை எழுதுவதற்கு அந்தப் பக்கத்தில் இடமில்லையா? சிறுவர் பக்கம் நான்கிலிருந்து ஒன்றாகச் சுருங்கியபோதும் நாங்கள் பேசாமல்தான் இருந்தோம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, பாட்டுக்கு 13 தட்டு என்றும், 'ஹாடே' ஒரே தட்டு என்றும் திருத்தம் வெளியிடுங்கள். படத்தில் ஒரு கையை அழித்தால் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
தஞ்சாவூர்