சப்ளையரின் பேங்க் கணக்கு மாறிவிட்டதாக மெயில் வந்தால்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஏற்காட்டில் காபி எஸ்டேட் வைத்திருக்கும், நம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையின் வாடிக்கையாளர் ஒருவர், சப்ளையருக்கு என்று அனுப்பிய ரூ.6,44,000 வேறு யாருடைய கணக்குக்கோ போய்விட்டது. நடந்ததைப் பெயர் சொல்லாமல் மற்றவர்களுக்கும் எழுதுங்கள் என்று அவரே கேட்டுக்கொண்டார். ஜவ்வரிசி ஆலை, கொலுசுப் பட்டறை, தறிக்கூடம், எஸ்டேட் என்று நீங்கள் எந்தத் தொழிலில் இருந்தாலும், வெளியூர் சப்ளையரின் பில் மெயிலில்தான் வருகிறது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

பழம் பறிப்பு தொடங்குவதற்குள் புதிய பல்ப்பர் மெஷின் வேண்டும் என்று கோயம்புத்தூரில் ஒருவரிடம் அவர் ஆர்டர் கொடுத்திருந்தார். விலை ரூ.9,20,000. அதில் 30 சதவீதம் அட்வான்ஸ், அது சரியான கணக்குக்கே போய்ச் சேர்ந்தது. மெஷின் தயாரானதும் மீதியைக் கட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு மெயில் வந்தது. “எங்கள் கணக்கில் ஆடிட் நடக்கிறது. மீதித் தொகையை எங்கள் இன்னொரு நிறுவனத்தின் கணக்கில் போடவும்” என்று அதில் இருந்தது. கூடவே புரோஃபார்மா பில். லோகோ, ஜிஎஸ்டி எண், சீல், கையெழுத்து எல்லாம் பழையபடியே இருக்க, கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சியும் மட்டும் மாறியிருந்தன. மெயிலுக்குக் கீழே அதுவரை இரண்டு தரப்பும் பேசிய பேச்சு முழுவதும் அப்படியே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

எஸ்டேட் ரைட்டர் கவனமில்லாதவர் அல்ல. முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, “வந்ததா?” என்று அதே மெயிலுக்குப் பதில் போட்டார். உடனே “வந்தது, நன்றி” என்று பதில் வந்தது. போனில் கேட்கலாம் என்றால் அன்று எஸ்டேட் ஆபீசில் சிக்னல் இல்லை. மலையில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. கணக்கைச் சேர்க்கும்போது பேங்க் திரையில் கணக்குக்காரர் பெயரும் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் இரண்டுக்கும் இந்த வசதியைத் தரும்படி ரிசர்வ் வங்கி எல்லா பேங்குகளுக்கும் சொல்லியிருக்கிறது. திரையில் தெரிந்தது சப்ளையரின் பெயர் இல்லை. ஆனால் “இன்னொரு நிறுவனம்” என்று மெயிலில் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் அதுவும் சரியாகத்தான் பட்டது. ஒரு ரூபாய் சோதனையும் பெயர்ச் சோதனையும் இப்படித்தான் தோற்றன: இரண்டுக்கும் விளக்கம் தந்தது அதே மெயில்தான்.

வெள்ளிக்கிழமை மாலை ஆர்டிஜிஎஸ் போனது. மறுநாள் காலை சப்ளையர் லேண்ட்லைனில் கூப்பிட்டு, “மீதி எப்போது வரும்?” என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அன்று இரண்டாவது சனிக்கிழமை, பேங்க் கிளை திறக்காது.

இந்த இடத்தில் எதை முதலில் செய்வது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சப்ளையரோடு வாக்குவாதம், மெயிலைத் தோண்டிப் பார்ப்பது, பாஸ்வேர்டு மாற்றுவது எல்லாம் அப்புறம். முதலில் 1930. அது சைபர் நிதி மோசடிக்கான தேசிய உதவி எண். கூப்பிடும்போது கையில் இருக்க வேண்டியவை உங்கள் கணக்கு எண், தொகை, அனுப்பிய நேரம், பணம் போன கணக்கின் எண், அந்தப் பரிமாற்றத்துக்கு பேங்க் தரும் யூடிஆர் எண். ஆர்டிஜிஎஸ் என்றால் யூடிஆர் 22 எழுத்து, நெஃப்ட் என்றால் 16. ஒரு எழுத்து தவறினாலும் பணத்தைத் தேடிப் பிடிப்பது கடினம். அதனால் நெட்பேங்கிங் ரசீதைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துப் படித்துச் சொல்லுங்கள். பேசி முடித்ததும் ஒரு புகார் எண் கிடைக்கும். அதை வைத்து cybercrime.gov.in தளத்தில் அன்றைக்கே விவரங்களை முழுமையாகப் பதிந்துவிட வேண்டும்.

1930-இல் பதிந்த புகார் பணம் போய்ச் சேர்ந்த பேங்கின் மோசடிப் பிரிவுக்குப் போகிறது. கணக்கில் பணம் இருந்தால் அதை எடுக்க முடியாமல் நிறுத்தி வைப்பார்கள்; இதற்கு லியன் என்று பெயர். அங்கிருந்து வேறு கணக்குகளுக்குப் போயிருந்தால் அந்த பேங்குகளுக்கும் தகவல் போகும். ஏடிஎம்மிலோ காசோலையிலோ ரொக்கமாக எடுத்துவிட்டால் நிறுத்தி வைக்க அங்கே எதுவும் இருக்காது. இவர் விஷயத்தில் முதல் கணக்கில் ரூ.2,10,000 மிச்சம் இருந்தது, அது நின்றது. இரண்டாவது கணக்கில் ரூ.1,75,000 நின்றது. மீதி ரூ.2,59,000 அதற்குள் ரொக்கமாகப் போய்விட்டது.

புகார் பதிந்த கையோடு உங்கள் பேங்குக்கும் எழுத வேண்டும். கிளை மூடியிருந்தாலும் பேங்கின் மோசடிப் புகார் எண்ணுக்குப் போன் செய்து, கிளை மேலாளருக்கு மெயிலும் அனுப்பி வையுங்கள். “இந்த யூடிஆரில் போன தொகை மோசடியால் பெறப்பட்டது. பெற்ற பேங்குக்குத் தெரிவித்து நிறுத்தி வைக்கவும், திருப்பித் தரக் கோரவும்” என்று எழுதி, 1930 புகார் எண்ணையும் சேர்த்தால் போதும். இதைத்தான் ரீகால் கோரிக்கை என்கிறார்கள். ஆனால் நம் பேங்க் கேட்டவுடனே அந்த பேங்க் பணத்தைத் திருப்பிவிடாது. ஆர்டிஜிஎஸ்ஸில் பணம் வரவானால் அது முடிந்துபோன பரிமாற்றம். கணக்குக்காரரின் சம்மதமோ காவல்துறை அல்லது நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் அவர் கணக்கிலிருந்து எடுக்க மாட்டார்கள். நெஃப்டில் சில சமயம் பணம் தானாகத் திரும்பி வருகிறதே என்று கேட்கலாம். அது கணக்கு எண் தவறாக இருந்து வரவு வைக்க முடியாதபோது நடப்பது. திருடன் கொடுத்த எண் சரியான எண், அவனுடைய சரியான எண்.

அடுத்தது எழுத்து மூலமான புகார். ஏற்காடு மாவட்டக் காவல்துறையில் வருகிறது, சேலம் நகரம் மாநகரக் காவல்துறையில் வருகிறது. அந்தந்த சைபர் கிரைம் காவல் நிலையத்தில் கொடுக்கலாம். நிறுத்தி வைத்த பணம் கைக்கு வர, நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 503-ஆம் பிரிவின் கீழ் மனு போட வேண்டியிருந்தது. வழக்கறிஞர் மூலம் மனு, காவல்துறையின் அறிக்கை, பிணைப் பத்திரம், பிறகு பேங்குக்கு உத்தரவு என்று அது படிப்படியாக நகரும். பணம் நின்றுவிட்டது என்பதும் பணம் வந்துவிட்டது என்பதும் வேறு வேறு என்று இவரிடம் முதலிலேயே சொல்லி வைத்தோம்.

சரி, யாருடைய மெயில் திருடப்பட்டது? இதைக் கண்டுபிடிக்காமல் விட்டால் இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் குறை சொல்வார்கள், திருடனும் உள்ளேயே இருப்பான். நாங்கள் முதலில் அந்த மெயிலை அழிக்காமல், ஃபார்வர்டும் செய்யாமல் பத்திரப்படுத்தினோம். ஃபார்வர்டு செய்தால், மெயில் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டும் தலைப்புப் பகுதி போய்விடும். ஜிமெயிலில் Show original திறந்து, Download original கொடுத்தால் .eml கோப்பாக முழுமையாகக் கிடைக்கும். வழக்கு நடந்தால் இந்தக் கோப்பைச் சாட்சியச் சட்டமான பிஎஸ்ஏ 63-ஆம் பிரிவின் சான்றோடு தர வேண்டும். தலைப்பில் தெரிந்தது இது (பெயர்களை மாற்றியிருக்கிறோம்):

```
From: Accounts <accounts@hillrnachines.example>
Authentication-Results: spf=pass dkim=pass dmarc=pass
```

உண்மையான முகவரியில் machines என்று இருக்கும். இதில் m இருக்க வேண்டிய இடத்தில் r, n இரண்டும் ஒட்டி நிற்கின்றன. செல்போன் திரையில் வித்தியாசமே தெரியாது. கீழ் வரியில் மூன்று சோதனையும் pass என்று இருப்பதைப் பார்த்து மெயில் நல்லதுதான் என்று நினைத்துவிடாதீர்கள். மெயில், முகவரியில் @-க்குப் பின்னால் உள்ள அந்தப் போலி டொமைனிலிருந்துதான் வந்தது என்பதைத்தான் அவை உறுதி செய்கின்றன. டொமைன் திருடனுடையது என்றால் pass வராமல் என்ன செய்யும்? டொமைனின் பதிவு விவரத்தைக் காட்டும் ஹூயிஸ் தேடலில் பார்த்தபோது அந்த டொமைன் பதிவாகிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தது.

போலி டொமைன் இருப்பது தெரிந்தாலும் பழைய பேச்சு திருடனுக்கு எப்படிக் கிடைத்தது என்பது அதில் தெரியாது. அதற்கு வழிகாட்டியது சப்ளையர் சொன்ன ஒரு வார்த்தை: “நான் அந்த வாரம் அனுப்பிய மெயில் எதற்குமே பதில் இல்லையே!” எஸ்டேட்டில் அப்படி எந்த மெயிலும் வரவில்லை என்றார்கள். உடனே எஸ்டேட்டின் ஜிமெயிலில் Settings போய் Filters and Blocked Addresses பக்கத்தைத் திறந்தோம். யாரும் போடாத ஒரு ஃபில்டர் அங்கே இருந்தது. சப்ளையரின் உண்மையான முகவரியிலிருந்து வரும் எல்லாம் இன்பாக்ஸுக்கு வராமல், படித்ததாகக் குறிக்கப்பட்டு, ஒதுங்கிவிட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. All Mail-இல் தேடினால் சப்ளையரின் மெயில்கள் எல்லாம் அங்கே வரிசையாகக் கிடந்தன. உண்மையானவர் குரல் மறைந்து போலியின் குரல் மட்டும் இன்பாக்ஸில் கேட்டிருக்கிறது. இன்பாக்ஸின் அடியில் Last account activity பக்கத்தில் உள்ள Details-ஐச் சொடுக்கினால், எஸ்டேட்டில் யாருக்கும் தொடர்பில்லாத ஊரிலிருந்து ஒரு லாகின். அந்தப் பட்டியல் அண்மைக் காலத்தை மட்டும்தான் காட்டும் என்பதால் அன்றே படம் எடுத்து வைத்தோம்.

பாஸ்வேர்டை மாற்றினால் போதும் என்று நினைக்க வேண்டாம். மாற்றிய பிறகும் அந்த ஃபில்டர் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். Forwarding and POP/IMAP பக்கத்தில் வெளி முகவரி ஏதாவது சேர்த்திருந்தால் மெயில்களும் அங்கே போய்க்கொண்டே இருக்கும். அதனால் படம் எடுத்து வைத்த பிறகு ஃபில்டரையும் ஃபார்வர்டிங்கையும் நீக்கி, தெரியாத கருவிகளை வெளியேற்றி, பாஸ்வேர்டை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டோம். அவுட்லுக் வைத்திருப்பவர்கள் Rules பக்கத்தில் இதையே பாருங்கள்.

சப்ளையருக்குப் பணம் போகாததால் பாக்கி பாக்கியாகவே நின்றது. ஆனால் ஃபில்டரின் படத்தைக் காட்டியதும் சண்டை ஓய்ந்தது. மெஷினை அனுப்பி வைத்து, மீதியைத் தவணையில் வாங்கிக்கொள்ள அவர் ஒப்புக்கொண்டார்.

அடுத்த சர்வீஸுக்கு வரும்போது உங்கள் மெயிலின் இந்தப் பக்கங்களை உங்கள் முன்னாலேயே திறந்து பார்ப்போம். இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. அதற்குள் யாராவது கணக்கு எண் மாறியதாக எழுதினால், பழைய பில்லில் அல்லது விசிட்டிங் கார்டில் உள்ள எண்ணுக்குக் கூப்பிட்டு, உங்களுக்குப் பழக்கமான குரலிடம் கேளுங்கள். புதிய மெயிலில் கொடுத்திருக்கும் எண்ணைத் தொடவே வேண்டாம். சிக்னல் இல்லையென்றால் பணம் அடுத்த நாள் போகட்டும். எங்களைக் கூப்பிடுவதானாலும், பணம் போயிருந்தால் 1930-க்குப் பேசி முடித்த பிறகு கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையினர்,
ஐந்து ரோடு, சேலம்.