ஒற்றைப் பத்தித் தலைப்பில் எதை வெட்டுவது?

ஆசிரியருக்கு,

உங்கள் நாளிதழைத் தினமும் படிக்கிறேன், சில காலம் வேறொரு பத்திரிகையில் துணை ஆசிரியராக இருந்திருக்கிறேன், அதனால் ஒற்றைப் பத்தியில் தலைப்பு அடைக்கிற கஷ்டம் எனக்குத் தெரியும். மூன்று வரி, வரிக்கு ஏழெட்டு எழுத்து, அதிலும் னை, ணோ மாதிரி அகலமான எழுத்து வந்துவிட்டால் அதுவும் கிடையாது. சுருக்கத்தான் வேண்டும். ஆனால் எதை வெட்டுகிறோம் என்பதில் சமீபமாக உங்கள் பக்கங்களில் கவனம் குறைகிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஒரு செய்தியை எடுத்துக்கொள்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். ஓர் அதிகாரி லஞ்சம் கேட்டதாக ஒருவர் புகார் கொடுக்கிறார், போலீசார் அந்த அதிகாரியிடம் விசாரிக்கிறார்கள், கைது இல்லை, வழக்கும் இன்னும் பதிவாகவில்லை. செய்தியில் இதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. தலைப்பு மட்டும் இப்படி:

லஞ்ச அதிகாரி
சிக்கினார்:
பரபரப்பு

‘புகார்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, லஞ்சத்தை அதிகாரிக்கு அடைமொழியாக ஒட்டியதுமே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. இடம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், ஏனென்றால் ‘பரபரப்பு’க்கு ஆறு எழுத்து கிடைத்திருக்கிறது, ‘புகார்’ மூன்றே எழுத்து. அதே மூன்று வரியில் இப்படிப் போட்டிருக்கலாம்:

லஞ்சப் புகார்:
அதிகாரியிடம்
விசாரணை

இரண்டிலும் மிக நீளமான வரி ஏழு எழுத்துதான், எண்ணிப் பாருங்கள். திடீர், பரபரப்பு, அதிரடி, அதிர்ச்சி, இந்த நான்கையும் முதலில் தூக்கிவிட்டு அப்புறம் இடம் போதுமா என்று பார்த்தால், பாதித் தலைப்புகளுக்குப் பிரச்சினையே வராது.

அடுத்தது வேற்றுமை உருபு. ‘போலீஸ் தாக்கிய வாலிபர் கைது’ என்று ஒரு தலைப்பு. படித்தவுடன் போலீசிடம் அடிவாங்கிய வாலிபரையே கைது செய்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன், உள்ளே படித்தால் போலீஸ்காரரை அடித்ததாகத்தான் அந்த வாலிபர் மீது வழக்கு. ‘போலீஸைத்’ என்று ஒரு ஐ, ஒரு த் சேர்த்திருந்தால் தீர்ந்தது. மற்ற இடங்களில் ஐ இல்லாவிட்டாலும் பெரும்பாலும் ஓடிவிடும், ‘வீடு இடித்த கும்பல்’ என்றால் யாரும் வீடு கும்பலை இடித்தது என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு பக்கமும் ஆள் இருக்கும்போதுதான் ஆபத்து, அங்கே உருபு போனால் அடித்தவரும் அடிபட்டவரும் இடம் மாறிவிடுவார்கள். அந்த எழுத்துக்கும் இடம் இல்லையென்றால் அமைப்பையே மாற்றலாம்:

போலீஸ் மீது
தாக்குதல்:
வாலிபர் கைது

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ‘தாக்கிய வாலிபர்’ என்றால் அவர்தான் தாக்கினார் என்று பத்திரிகையே சொல்வதாகிவிடும். இதிலோ தாக்குதல் நடந்ததையும் ஒருவர் கைதானதையும் மட்டுமே சொல்கிறோம், இரண்டும் உறுதியான தகவல்.

இன்னும் பெரிய சிக்கல், தமிழ் வாக்கியத்தில் உண்மை கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. இல்லை, மறுப்பு, கூடும், என்கிறார் எல்லாம் வால் பகுதியில்தான் வருகின்றன, நாம் வெட்டுவதும் வாலைத்தான். ‘விலை உயராது: அமைச்சர்’ என்பதில் இடமில்லை என்று அமைச்சரை எடுத்தால் அந்த உறுதிமொழி பத்திரிகையுடையதாகிவிடுகிறது. போன வாரம் ‘பள்ளிகளுக்கு / நாளை விடுமுறை / இல்லை’ என்று மூன்று வரியில் போட்டிருந்தீர்கள். அச்சில் பரவாயில்லை. அதே தலைப்பு உங்கள் செயலியின் பட்டியலில் இரண்டு வரியோடு நின்று, புள்ளி புள்ளியாக முடிந்தது, ‘இல்லை’யைக் காணோம். எங்கள் வீட்டிலேயே பையன் புத்தகப்பையை மூலையில் போட்டுவிட்டான். ‘பள்ளிகள் நாளை / வழக்கம்போல் / இயங்கும்’ என்று எழுதியிருந்தால் எந்த இடத்தில் வெட்டினாலும் தவறான பொருள் வந்திருக்காது. எதிர்மறையாக எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் அந்தச் சொல்லை முன்னால் கொண்டுவாருங்கள், ‘உயராது பஸ் கட்டணம்’ என்பது தலைப்புக்கு இயல்பான நடைதான்.

எழுத்தை நெருக்கி அடைப்பதும் தீர்வு இல்லை. அகலத்தைக் குறைத்தால் ண, ன சுழிகள் அடைபட்டு, வயதானவர்களுக்கு ஒன்றும் புரிவதில்லை.

சோதிக்க ஒரு வழி: செய்தியைப் படிக்காத ஒருவரிடம் தலைப்பை மட்டும் காட்டி, என்ன நடந்தது என்று ஒரு வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்வது செய்தியின் முதல் பத்தியோடு ஒத்துப்போகாவிட்டால் தலைப்பைத் திரும்ப எழுத வேண்டும். பக்கம் முடிக்கிற அவசரத்தில் எல்லாத் தலைப்புக்கும் இது முடியாது, புரிகிறது. குற்றம், வழக்கு, சாவு, அரசு அறிவிப்பு, இந்த நான்குக்காவது செய்யுங்கள். அந்த அதிகாரி பற்றிய தலைப்புக்கு, அதே பக்கத்தில் அதே அளவில் ஒரு திருத்தமும் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்